வகுப்புக் கூலியை மாத வருமானமாக்குவது எப்படி?

தவணைக்குப் பொருள் கேட்டு வரும் ரியூசன் ஆசிரியர்களிடம் மாத வருமானம் எவ்வளவு என்று கேட்டால், ஒரு வகுப்புக் கூலியைக் கிழமைக்கு உள்ள வகுப்புகளாலும் பின்னர் நான்காலும் பெருக்கிச் சொல்வார்கள். அந்தக் கணக்கை நம்பித் தவணை போடும் வியாபாரி ஏப்ரலிலும் டிசம்பரிலும் சிரமப்படுவார்.

மடுல்சீமைப் பக்கம் வீடு வீடாகச் சென்று படிப்பிக்கும் ஓர் ஆசிரியரை உதாரணமாக வைத்துக்கொள்வோம். கிழமைக்கு 10 வகுப்பு, வகுப்புக்கு 800 ரூபா. அவர் சொல்லும் மாத வருமானம் 32,000 ரூபா.

சரியான கணக்கை வருடத்திலிருந்து தொடங்க வேண்டும். 52 கிழமைக்கு 520 வகுப்பு. ஏப்ரலில் புத்தாண்டுக்காக இரு கிழமை, டிசம்பரில் இரு கிழமை வகுப்பே இல்லை. மிஞ்சுவது 480.

அடுத்து அவருடைய கொப்பியைப் பார்க்க வேண்டும். மழைக்காலத்துப் 12 கிழமையில் 120 வகுப்பு குறிக்கப்பட்டிருந்தது. மழை, மண்சரிவு எச்சரிக்கை, பஸ் ஓடாமை, போயா, பிள்ளைக்குச் சுகமின்மை என்று 24 வகுப்பு குறித்த நாளில் நடக்கவில்லை. அவற்றில் 15 வகுப்பை வேறு நாளில் எடுத்துவிட்டார். ஆகவே நட்டம் 24 அல்ல, 9 தான். நூற்றுக்கு ஏழரை வீதம்.

480 இல் ஏழரை வீதத்தைக் கழித்தால் 444 வகுப்பு. 800 ரூபாவால் பெருக்க, வருடத்துக்கு 3,55,200 ரூபா. பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு 29,600 ரூபா. பஸ் செலவை இதிலிருந்து கழிக்க வேண்டும். வீட்டு வாசல் வரை போய்த் திரும்பிய நாளின் செலவும் அதில் சேரும்.

தள்ளிப்போட்ட வகுப்பில்தான் அதிகம் பிழை வரும். நவம்பர் 28 இல் நடக்க வேண்டியது டிசம்பர் 3 இல் நடந்தால், அதை டிசம்பரில் மட்டும் எழுத வேண்டும். இரு மாதத்திலும் எழுதினால் இல்லாத பணம் கணக்கில் ஏறும். கொப்பியில் குறித்த நாள், நடந்த நாள், பணம் கிடைத்த நாள் என மூன்று நிரல் இருந்தால் இந்தப் பிழை உடனே தெரியும். நடந்த நாள் வெறுமையாகவே இருந்தால் அந்த வகுப்பு போனது போனதுதான். கடைசி நேரத்தில் நிறுத்திய பெற்றோர் பாதிக் கூலி கொடுத்தால் அதை அரை வகுப்பாக எழுதலாம்.

29,600 என்பது சராசரி. முழு மாதங்களில் 32,000 ரூபா வரை கிடைக்கும். ஏப்ரலிலும் டிசம்பரிலும் 17,000 ரூபாவை ஒட்டியே வரும். ஆகவே பொருளின் மொத்த விலை அவருக்குத் தாங்குமா என்பதைச் சராசரியை வைத்துப் பாருங்கள். மாதத் தவணையை 17,000 ரூபா வரும் மாதத்தை வைத்துத் தீர்மானியுங்கள். அதற்குக் கூடுதலாகத் தவணை வேண்டுமென்றால், அந்த இரு மாதத்துக்கும் பாதித் தவணை என்று முதலிலேயே எழுதிக்கொள்வது இருவருக்கும் நல்லது.