நீராவி இயந்திரம் ஏன் இங்கிலாந்தில் முதலில்?

கேள்வி: நம் அம்பாங் ஈய லம்பங்களிலும் தண்ணீர் இறைத்தார்களே, நீராவி இயந்திரம் மட்டும் ஏன் இங்கிலாந்தில் முதலில் வந்தது?
– வாசகர், கிள்ளான்

பதில்: 1857-இல் அம்பாங்கில் ஈயம் தோண்டத் தொடங்கியபோது குழிகள் ஆழமில்லை, ஓடை நீரில் சுழலும் சக்கரமே இறைக்கப் போதுமாக இருந்தது. இங்கிலாந்திலோ விறகு விலை ஏறி, லண்டன் வீடுகள் நிலக்கரிக்கு மாறின. தேவை கூடக்கூடச் சுரங்கங்கள் ஆழமாகி, தண்ணீர் புகுந்தது. கூலியும் அதிகம், ஆளையும் குதிரையையும் வைத்து இறைத்துக் கட்டுப்படியாகவில்லை. அதனால்தான் 1712-இல் டட்லி அருகே நியூகோமன் என்பவரின் நீராவி இயந்திரம் தண்ணீர் இறைக்கும் வேலைக்கு வந்தது. அது கரியை அள்ளி விழுங்கும். விற்க முடியாத தூள் கரி குவிந்து கிடந்த சுரங்க வாசலில்தான் அதற்குத் தீனி கட்டுப்படியானது. வேறெங்கு பிறந்திருந்தாலும் கைவிட்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். அங்கே பிழைத்ததால்தான் அதைத் திருத்த ஆள் கிடைத்தார்: ஜேம்ஸ் வாட் 1769-இல் காப்புரிமை பெற்ற தனிக் குளிர்கலன் கரிச் செலவை வெகுவாகக் குறைத்தது. அதன் பிறகே இயந்திரம் சுரங்கத்தைத் தாண்டி நூலாலைகளுக்குள் நுழைந்தது.