சுயவிபரக்கோவையில் மொழிகள்

"சிங்களம், ஆங்கிலம், அரபு: நன்று" என்று ஒரே வரியில் முடித்துவிடுவது நம்மிற் பலரது வழக்கம். பேச்சும் எழுத்தும் வெவ்வேறு திறன்கள் என்பது அவ்வரியில் மறைந்துபோகிறது.

என் உறவுக்காரச் சகோதரி ஒருவர் தனியார் வைத்தியசாலையொன்றில் வரவேற்பாளர் பணிக்கு இப்படித்தான் விண்ணப்பித்தார். நேர்முகப் பரீட்சையில் சிங்களத்தில் தடையின்றிப் பேசினார். பின்னர் சிங்களக் கடிதமொன்றைக் கொடுத்து, இரண்டு வரியில் பதில் எழுதச் சொன்னார்கள். எழுத்துக்கூட்டி வாசித்தார், எழுத முடியவில்லை. தொலைபேசியில் மட்டும் பேசும் பணியாயின் அவரது சிங்களம் போதுமானது. ஆனால் அங்கு நோயாளியின் விபரத்தைச் சிங்களத்தில் பதிய வேண்டும். பிழையாகப் பதிந்தால் சிகிச்சையே மாறிவிடலாம்.

"சிங்களம்: பேச்சு மிக நன்று, வாசிப்பு சாதாரணம், எழுத்து ஆரம்ப நிலை" என்று எழுதியிருந்தால் இரு தரப்புக்கும் நேரம் மிச்சம். வாசிப்பை அளக்க, சிங்களப் பத்திரிகைச் செய்தியொன்றை வாசித்து அதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். எழுத்தை அளக்க, அகராதியின்றி விடுமுறைக் கடிதம் ஒன்று எழுதுங்கள். எங்கே தடுமாறுகிறீர்களோ, அதுவே உங்கள் மட்டம்.

அரபில்தான் நாம் அதிகம் ஏமாறுகிறோம். சிறு வயது முதல் ஹரகத் இட்ட குர்ஆனைச் சரளமாக ஓதுகிறோம். அரபுப் பத்திரிகையில் பொதுவாக ஹரகத் இராது. ஓதத் தெரிந்தாலும் பொருள் விளங்காது. வளைகுடா நிறுவனத்தின் அலுவலகப் பணிக்கு "அரபு வாசிப்பு" என்றால் கடிதத்தின் கருத்தை விளங்குவதே. ஆகவே "அரபு: ஓதத் தெரியும், பேசவோ, பொருள் விளங்கி வாசிக்கவோ தெரியாது" என்றே எழுதலாம்.