உண்ணா நேரம் தொடங்குமுன் குளிசைப் பெட்டியைப் பாருங்கோ

தங்கச்சிமாரே, கந்த சஷ்டியும் வெள்ளிக்கிழமை விரதமும் கிளிவெட்டி வீடுகளுக்குப் புதிதில்லை. இப்போது பலரும் கேட்கும் ‘இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங்’ வேறு கணக்கு. அதில் தண்ணீருக்குத் தடையில்லை. ஒரு நாளின் சாப்பாட்டை எட்டு முதல் பன்னிரண்டு மணித்தியாலத்துக்குள் முடித்துவிட்டு, மிச்ச நேரம் வயிற்றைச் சும்மா விடுவதுதான் முறை.

1. உடம்புக்குள் நடப்பது

இரவு புட்டுச் சாப்பிட்டால் இரத்தத்தில் சீனி ஏறும், அதோடு இன்சுலினும் ஏறும். உடனே செலவாகாத சீனியில் ஒரு பகுதியை ஈரல் கிளைகோஜனாகச் சேர்த்து வைக்கும். ஈரலின் இருப்பு குசினி அரிசிப் பானை என்றால், உடற்கொழுப்பு அறையில் அடுக்கிய நெல்மூட்டை. சாப்பிட்டுச் சில மணித்தியாலம் போனதும் இன்சுலின் இறங்கும், பானையிலிருந்து எடுப்பு தொடங்கும். பன்னிரண்டு மணித்தியாலம் அளவில் பானை குறையக் குறைய, உடம்பு மூட்டைப் பக்கம் கூடுதலாகத் திரும்பும். இரவு எவ்வளவு சாப்பிட்டீர்கள், எவ்வளவு வேலை செய்தீர்கள் என்பதைப் பொறுத்து இந்த நேரம் முன்பின்னாகும்.

2. பன்னிரண்டில் தொடங்குங்கோ

முதல் வாரம் இரவு எட்டு மணிக்குச் சாப்பாட்டை முடித்து, காலை எட்டுக்குச் சாப்பிடுங்கோ. அது பழகினால் இரவுச் சாப்பாட்டை அரை மணித்தியாலம் அரை மணித்தியாலமாக முன்னுக்குக் கொண்டு வந்து, பதினான்கு மணித்தியாலம் வரை போகலாம். விடிய வயலுக்குப் போகிறவர்கள் காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போட வேண்டாம். காலையில் சாப்பிட்டுவிட்டு, மாலை ஆறுக்குள் இரவுச் சாப்பாட்டை முடிப்பதே வெயிலில் நிற்பவருக்கு ஏற்றது.

இடையில் தண்ணீரும் சீனி போடாத வெறுந்தேத்தண்ணியும் குடிக்கலாம். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தால் அது சாப்பாட்டுக் கணக்கு.

3. கோப்பையைப் பெரிதாக்க வேண்டாம்

சீனாவின் குவாங்சோவில் உடற்பருமன் உள்ள 139 பேரை ஒரு வருடம் வைத்துச் செய்த ஆய்வு 2022இல் வெளியானது. இரண்டு பகுதியினரும் சாப்பாட்டு அளவைக் குறைத்தார்கள். ஒரு பகுதியினர் அதோடு காலை எட்டு முதல் மாலை நான்கு வரை மட்டும் சாப்பிட்டார்கள். இரண்டு பகுதியிலும் எடை குறைந்தது, ஆனால் இரண்டுக்கும் இடையில் நம்பிச் சொல்லக்கூடிய வித்தியாசம் கிடைக்கவில்லை. காலையில் விட்டதை மத்தியானம் இரண்டு கோப்பைச் சோறாகப் பிடித்தால் எடை அசையாது. முட்டை, மீன், பருப்பைக் குறைக்கக் கூடாது. குறைத்தால் தசையும் கரையும்.

4. சீனி வருத்தக்காரர் முதலில் கிளினிக்குக்கு

அம்மா வயதில் ஒருவரை நினைத்துப் பாருங்கோ. காலை ஏழுக்கு வழமைபோல கிளிக்கிளசைட் குளிசை போடுகிறார், சாப்பாட்டை மட்டும் பதினொன்றுக்குத் தள்ளுகிறார். சாப்பாடு வராவிட்டாலும் அந்தக் குளிசை கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும். பத்து மணியளவில் வியர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், பேச்சுத் தடுமாறும். கிளிபென்கிளமைடும் இன்சுலின் ஊசியும் இதே ஆபத்தைத் தரும். மெட்ஃபோர்மின் மட்டும் எடுப்பவருக்கு இது அரிது.

சீனி 70க்குக் கீழே போனாலோ, பார்க்கக் கருவி இல்லாமல் இந்த அறிகுறிகள் வந்தாலோ, விரதத்தை அங்கேயே விடுங்கோ. மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கோ. 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை. தெளிந்ததும் சாப்பாடு கொடுக்க வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வைத்து 1990க்கு எடுங்கோ.

பக்கத்து மூதூரில் நோன்பு பிடிக்கும் சீனி வருத்தக்காரருக்கு வைத்தியர்கள் சொல்லும் முறை நமக்கும் பொருந்தும். நோன்புக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்னரே வைத்தியரிடம் போய், குளிசையின் நேரத்தையும் அளவையும் மாற்றிக்கொள்வார்கள். ஐப்பசியில் சஷ்டி பிடிக்கும் அம்மாவுக்கு ஆவணிக் கடைசியிலேயே கிளினிக் போக வேண்டும்.

5. இவர்களுக்கு வேண்டாம்

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், வளரும் பிள்ளைகள், எடை குறைந்தவர்கள், சாப்பாட்டைக் கண்டு பயப்படும் அல்லது வெறித்துச் சாப்பிடும் பழக்கம் இருந்தவர்கள் இதைத் தொட வேண்டாம். சிறுநீரக வருத்தம் உள்ளவர்களும், பிரஷருக்குச் சிறுநீர் போகும் குளிசை எடுப்பவர்களும் வைத்தியரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. இந்தக் குளிசையோடு வெறும் வயிற்றில் வெயிலில் நின்றால், எழும்பும்போதே தலை சுற்றி விழலாம்.

கிளினிக் போகும்போது கொப்பியையும் குளிசைகளையும் கையோடு கொண்டு போங்கோ. கேட்க வேண்டியது இதுதான்: “நான் முதல் சாப்பாட்டை இத்தனை மணிக்கு எடுக்கப் போகிறேன். எந்தக் குளிசையை எத்தனை மணிக்கு, எவ்வளவு போட வேண்டும்?” பதிலைக் கொப்பியில் எழுதி வாங்கிய பிறகு தொடங்குங்கோ.