தாளைத் திருப்பும் முறை

மதுரைத் தமிழ் இலக்கிய மின்தொகுப்புத் திட்டம் 1998ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அதன் தளத்தில் பழந்தமிழ் நூல்கள் பி.டி.எஃப். கோப்புகளாக விலையின்றிக் கிடைக்கின்றன. தில்லியில் உள்ள நம் வீட்டிலேயே அவற்றை அச்சிட்டு இடப்புறம் தைத்துக்கொள்ளலாம். அவ்வாறு 45 பக்கமுள்ள கோப்பு ஒன்றை அச்சிடுவதாகக் கொள்வோம். இரு பக்கமும் அச்சிட்டால் 23 தாள்கள் போதும்.

ஏ4 தாளின் நீள விளிம்பு 29.7 செ.மீ.; குறுகிய விளிம்பு 21 செ.மீ. புத்தகத்தின் ஏடு நீள விளிம்பைப் பற்றியே திரும்புகிறது. அப்போது தாளின் தலைப்பகுதி மேலேயே இருக்கும். குறுகிய விளிம்பைப் பற்றித் திருப்பினாலோ பின்பக்கம் தலைகீழாகும். மேற்புறம் கட்டிய நாட்காட்டிக்கே அது பொருந்தும். தானே இரு பக்கமும் அச்சிடும் பொறியில் Flip on long edge என்பதைத் தேர்ந்தால் வேலை முடிந்தது.

பல வீடுகளில் உள்ள மைப்பொறிக்கு அந்த வசதி இல்லை. தாளைப் பின்புறம் செருகினால், அச்சிட்ட முகம் மேல்நோக்கியவாறு முன்புறம் வந்து விழும். இதில் முதலில் Odd pages only என்பதைத் தேர்ந்து ஒற்றைப்படைப் பக்கங்களை அச்சிடுக. 1ஆம் பக்கம் அடியிலும் 45ஆம் பக்கம் உச்சியிலும் இருக்கும். மை உலர்ந்தபின், அடுக்கு முழுவதையும் நீள விளிம்பைப் பற்றி ஒரே முறை திருப்புக. இப்போது 1ஆம் பக்கத்தாள் உச்சிக்கு வரும். அதன் வெற்று முதுகு நம்மைப் பார்க்கும். அப்படியே பொறியில் செருகி Even pages only என்பதைத் தேர்க. முதல் முறை எந்த விளிம்பு முதலில் உள்ளே சென்றதோ, அதுவே இப்போதும் முதலில் செல்லவேண்டும். 46ஆம் பக்கம் இல்லையாதலால் 45ஆம் பக்கத்தாள் பொறியிலேயே தங்கிவிடும். அதனை எடுத்து இறுதியில் சேர்க்க.

வேறு வகைப் பொறிகளில் அச்சிட்ட முகம் கீழ்நோக்கி விழும். அங்கே அடுக்கும் வரிசை மாறும். ஆகவே நான்கு பக்கங்களை மட்டும் முதலில் அச்சிட்டுப் பார்ப்பது நன்று. இரண்டு தாளே வீணாகும், நூல் வீணாகாது.

இரண்டாம் சுற்றில் இரு தாள்கள் ஒட்டிக்கொண்டு உள்ளே செல்வதுதான் பெருந்தொல்லை. 21ஆம் பக்கத்தாளோடு 23ஆம் தாளும் சென்றால், 24ஆம் பக்கம் 25இன் முதுகில் விழும். அதற்குப் பின் வருவன யாவும் பிழையே. முன்பக்க எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் பின்பக்க எண் வரவேண்டும். வராவிடில் உடனே நிறுத்துக. நீண்ட நூலைப் பத்துப் பத்துத் தாளாகப் பிரித்து அச்சிட்டால், பிழை அந்தப் பத்தோடு நின்றுவிடும்.

பயிற்சி

1. 38 பக்கமுள்ள நூலுக்கு எத்தனை தாள்கள் வேண்டும்? கடைசித் தாள் பொறியில் தங்குமா?
2. ஒருவர் அச்சிட்ட நூலில் பக்க எண்கள் சரியாக உள்ளன. இரட்டைப்படைப் பக்கங்கள் மட்டும் தலைகீழாக உள்ளன. அவர் தாளை எவ்வாறு திருப்பியிருப்பார்?