முதலீட்டாளரைப் பார்த்துவிட்டு வந்தபின்: நன்றி மெயிலுக்குச் சில குறிப்புகள்

புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில் ஆதனக்கோட்டையைத் தாண்டும்போது முந்திரி வறுக்கும் புகை பேருந்துக்குள்ளேயே வந்துவிடும். அங்கே வறுத்து, உடைத்து, பொட்டலம் போட்டு விற்கும் பெண்களில் ஒருவர் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு பிரைவேட் லிமிடெட் நிறுவனம் தொடங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திருச்சியில் ஒரு முதலீட்டாளரைச் சந்தித்தார். கேட்ட மூன்று கேள்விகளுக்கும் "அனுப்பி வைக்கிறேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். இனி அனுப்ப வேண்டியதுதான். கீழே வரும் ஆளும் கணக்கும் கற்பனை. மெயில் எழுதும் முறை எந்தத் தொழிலுக்கும் பொருந்தும்.

1. திரும்பி வரும் பேருந்திலேயே, என்னென்ன அனுப்புவதாகச் சொன்னோம் என்று எழுதிவிடுங்கள். அவர் கேட்ட சொற்களிலேயே எழுதுவது முக்கியம். "கிலோவுக்குக் கையில என்ன நிக்குது?" என்று கேட்டவருக்கு ஆண்டு இலாப நட்டக் கணக்கை அனுப்பினால், கேட்டதற்குப் பதில் வரவில்லை என்றுதான் நினைப்பார். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது யாரிடம் இருக்கிறது, என்றைக்குக் கிடைக்கும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆடிட்டரிடம் இருப்பது நாளைக்கே வராது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

2. மறுநாள் காலையில் மெயில் போய்விட வேண்டும். எல்லாத் தகவலும் சேரட்டும் என்று காத்திருப்பதுதான் பெரும்பாலானோர் செய்வது. நாலு நாள் கழித்து மொத்தமாக அனுப்பும்போது அவர் இன்னும் ஐந்து பேரைப் பார்த்திருப்பார். கையில் இருப்பதை இப்போதே அனுப்புங்கள். இல்லாததற்கு ஒரு தேதி சொல்லுங்கள். "விரைவில்" என்பது தேதி ஆகாது. சந்திப்பை ஏற்பாடு செய்த பழைய மெயிலுக்கே பதிலாக அனுப்பினால் எல்லாம் ஒரே தொடரில் இருக்கும். அவரோடு வந்திருந்த இளைஞர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாரா? அவருக்கும் ஒரு நகல் போகட்டும். அட்டவணையை முதலில் திறந்து பார்ப்பவர் பெரும்பாலும் அவர்தான்.

3. புதிய மெயிலாக அனுப்புவதானால், மூன்று மாதம் கழித்துத் தேடினாலும் கிடைக்கிற மாதிரி தலைப்பு வையுங்கள். "நன்றி" என்று மட்டும் போட்டால் அவர் பெட்டியில் அது நூற்றோடு நூற்றொன்று. தொழில், ஊர், உள்ளே இருப்பது என்ன என்ற மூன்றும் இருந்தால் போதும்.

4. நன்றி இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். அதில் ஒரு வரியாவது அவர் சொன்ன ஏதோ ஒன்றைப் பற்றியதாக இருக்கட்டும். "தங்கள் பொன்னான நேரத்தை ஒதுக்கி" என்று தொடங்கும் வரியைத் திருமண அழைப்பிதழுக்கு விட்டுவிடலாம்.

5. மெயிலின் உயிர் எண்ணில் இருக்கிறது. எண்ணைத் தனியாக விடாமல், அது எப்படி வந்தது என்பதையும் சேர்த்துக் கொடுங்கள். முந்திரியில் எல்லாம் ஒரே ஒரு விகிதத்தில் தொங்குகிறது: நூறு கிலோ கொட்டையை உடைத்தால் எத்தனை கிலோ பருப்பு கிடைக்கிறது? நம் யூனிட்டில் 25 கிலோ என்று வைப்போம். அப்படியானால் ஒரு கிலோ பருப்புக்கு 4 கிலோ கொட்டை வேண்டும். கொட்டை கிலோ 140 ரூபாய் என்றால் 560 ரூபாய். வறுக்க, உடைக்க, தோல் நீக்கக் கூலி 110. பொட்டலம், வண்டி வாடகை 50. ஆக 720. வரி நீங்கலாக 1,000 ரூபாய்க்கு விற்று, கடைக்காரருக்கு 150 போனால் நம் கைக்கு 850. கிலோவுக்கு நிற்பது 130 ரூபாய்.

இதோடு நிறுத்திவிட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. அனுபவமுள்ள முதலீட்டாளர் அடுத்துக் கேட்பது, "அந்த 25 இறங்கினால்?" என்பதுதான். கொட்டை சரியாகக் காயாமல் மூட்டையில் பூசணம் பிடித்தாலோ, பிஞ்சுக் கொட்டை கலந்து வந்தாலோ 25 என்பது 22 ஆகிவிடும். அப்போது ஒரு கிலோ பருப்புக்கு நாலரைக் கிலோவுக்குச் சற்று மேலே கொட்டை போகும். கொட்டைச் செலவு 636 ரூபாய். நிற்பது 130 அல்ல, 54. இதை அவர் கேட்பதற்கு முன்பே நாமே எழுதிவிட வேண்டும். முழுப் பருப்பு எவ்வளவு, உடைசல் எவ்வளவு என்பதையும் பிரித்துக் காட்டுங்கள், ஏனென்றால் உடைசலுக்கு முழுப் பருப்பின் விலை கிடைக்காது. தரத்தைச் சந்தையில் வழங்கும் பெயரிலேயே சொல்லலாம். டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டு எடைக்கு 300 முதல் 320 முழுப் பருப்பு. எண் குறையக் குறையப் பருப்பு பெரிது, விலையும் கூடுதல்.

விகிதத்தை எங்கிருந்து எடுத்தோம் என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். ஒரு நல்ல மூட்டையை உடைத்துப் பார்த்த கணக்கா, பருவம் முழுக்க எடை போட்ட கணக்கா? இரண்டுக்கும் நம்பிக்கையில் வெகு தூரம்.

6. சந்திப்பில் வாயால் சொன்ன எண்ணும் தாளில் இருக்கும் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். "வருஷத்துக்கு 38 இலட்சம் விக்கிறோம்" என்று நம் முந்திரி நிறுவனப் பெண் சொல்லியிருப்பார். ஜிஎஸ்டிஆர்-3பி படிவங்களைக் கூட்டினால் 36.19 இலட்சம்தான் வரும். இங்கே யாரும் பொய் சொல்லவில்லை. அவர் 5 சதவீத வரியையும் சேர்த்துச் சொன்னார். படிவத்தில் வரிக்கு முந்தைய மதிப்பு இருக்கிறது. ஆனால் விளக்கம் இல்லாமல் இரண்டு எண்களைப் பார்ப்பவர் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டார். ஆகவே, "நேற்று நான் சொன்ன 38 இலட்சம் வரியோடு சேர்த்து, வரி நீங்கலாக 36.19" என்று மெயிலிலேயே திருத்திவிடுங்கள். சாலையோரம் ரொக்கத்துக்கு விற்றது கணக்கில் ஏறவில்லை என்றால், அதை விற்பனை எண்ணில் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

7. ஜிமெயிலில் இணைப்புகள் மொத்தம் 25 எம்பிக்கு மேல் போகாது. அவ்வளவு தேவையும் இல்லை. ஒரு பக்கப் பிடிஎஃப், சூத்திரங்கள் அழியாத ஓர் எக்செல் கோப்பு, இரண்டும் போதும். எக்செலில் 140-ஐ 150 ஆக்கினால் கடைசி எண் தானாக மாற வேண்டும். மாறாவிட்டால் அது கணக்கின் படம், அவ்வளவுதான். வங்கிக் கணக்கு விவரத்தை டிரைவ் இணைப்பாக அனுப்பினால் Anyone with the link என்று விடாமல் Restricted என்றே வைத்து, அவருடைய மெயில் முகவரியை மட்டும் Viewer ஆகச் சேருங்கள். பிறகு வேறொரு ஜிமெயிலிலிருந்து திறந்து பாருங்கள், திறக்கக் கூடாது. கூலிப் பதிவேட்டில் உள்ள பெண்களின் பெயர், ஆதார் எண், கடைக்காரர்களின் கைபேசி எண் ஆகியவை இந்தக் கட்டத்தில் யாருக்கும் போக வேண்டியதில்லை.

8. அடுத்த படி என்றால் யார், எதை, எந்தத் தேதிக்குள் என்ற மூன்றும் சேர்ந்தது. நம் பக்கம் இரண்டு, அவர் பக்கம் ஒன்று என்று வைத்துக்கொண்டால் நல்லது. அவரிடம் கேட்பது ஒரே வரியில் பதில் சொல்லக்கூடியதாக இருக்கட்டும். மொத்த மெயிலும் இப்படி அமையலாம். ஆங்கிலத்தில் அனுப்புவதானாலும் வரிசை இதுவே.

தலைப்பு: ஆதனக்கோட்டை முந்திரி – திங்கள் சந்திப்பு – கிலோ கணக்கு இணைப்பு

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நேற்று திருச்சியில் எங்களைச் சந்தித்ததற்கு நன்றி. காய வைக்கும் களத்தை முதலில் சரிசெய்யுங்கள் என்று நீங்கள் சொன்னதை அணியில் எல்லோரிடமும் பேசினேன்.

நீங்கள் கேட்ட மூன்று விவரங்கள்:

கிலோவுக்கு நிற்பது: 130 ரூபாய். சென்ற பருவம் முழுவதும் எடை போட்டதில் கிடைத்த 25 சதவீதப் பருப்பை வைத்துப் போட்ட கணக்கு. அது 22 ஆனால் 54 ரூபாய்தான் நிற்கும். கணக்கு எக்செலில் உள்ளது.

மறுபடி வாங்கும் கடைகள்: 14 கடைகளில் 9. மாதவாரிப் பட்டியல் பிடிஎஃபில் உள்ளது.

கடைகளிலிருந்து பணம் வர ஆகும் நாட்கள்: ஆடிட்டரிடமிருந்து வெள்ளிக்கிழமை கிடைக்கும், அன்று மாலை அனுப்புகிறேன்.

ஒரு திருத்தம்: நான் சொன்ன 38 இலட்சம் விற்பனை வரியோடு சேர்த்து. வரி நீங்கலாக 36.19 இலட்சம்.

அடுத்து: வெள்ளி மாலைக்குள் மேற்கண்ட விவரம் என் பொறுப்பு. உலர்த்தும் இயந்திரத்துக்கு இரண்டு விலைப்புள்ளிகள் அடுத்த புதன்கிழமைக்குள் வாங்கி அனுப்புகிறேன். யூனிட்டை நேரில் பார்க்க 18, 20 தேதிகளில் எது உங்களுக்கு வசதி என்று மட்டும் சொல்லுங்கள். காலையில் வந்தால் வறுப்பதைப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
(பெயர், பொறுப்பு, கைபேசி எண்)

9. சந்திப்பில் பங்கு விகிதம், நிறுவன மதிப்பு பற்றிப் பேச்சு வந்திருந்தால், நன்றி மெயிலில் "ஒப்புக்கொண்டபடி" என்று எழுதிவிடாதீர்கள். பேசியது பேச்சு, அதை எழுத்தில் ஒப்புதலாக்க இது இடம் அல்ல. "எங்க கணக்குக்கு இப்பவே கொஞ்சம் போட்டுவிடட்டுமா?" என்று யாராவது உற்சாகத்தில் கேட்டாலும் அவசரப்படாதீர்கள். நிறுவனச் சட்டம் 2013-இன் 42-ஆம் பிரிவின்படி தனிப்பட்ட முறையில் பங்கு வழங்க பிஏஎஸ்-4 என்ற அழைப்புக் கடிதம் முதலில் போக வேண்டும். பணம் தனி வங்கிக் கணக்குக்கு வர வேண்டும், வந்த 60 நாளுக்குள் பங்கை ஒதுக்க வேண்டும், ஒதுக்கிய 15 நாளுக்குள் பிஏஎஸ்-3 தாக்கல் ஆக வேண்டும். தனியுரிமைத் தொழிலாகவோ கூட்டாண்மையாகவோ இருந்தால் விற்கப் பங்கே கிடையாது. அதை மறைக்காமல், நிறுவனமாகப் பதிவு செய்யும் தேதியை அடுத்த படிகளில் ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள்.

10. வெள்ளிக்கிழமை அனுப்புவதாகச் சொன்னதை வெள்ளிக்கிழமை அனுப்புங்கள். ஆடிட்டர் தரவில்லை என்றால் "திங்கள் மாலை ஆகும்" என்று அன்றைக்கே ஒரு வரி போடுங்கள். எல்லாம் அனுப்பியும் பதில் வராவிட்டால் ஒரு வாரம் விட்டு ஒரு முறை எழுதலாம். அதில் புதிதாக ஏதாவது இருக்க வேண்டும்: ஒரு புதிய கடை, வந்து சேர்ந்த விலைப்புள்ளி, பருவத்தின் முதல் கொள்முதல் விலை. வெறும் "பார்த்தீர்களா சார்?" வேண்டாம். "இப்போதைக்கு வேண்டாம்" என்று பதில் வந்தால், எந்த எண் தடையாக இருந்தது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டு வையுங்கள். "கொட்டையை நாலு மாசத்துக்கு முன்னாடியே வாங்கிப் போடுறீங்க, அதுக்குப் பங்குப் பணம் எதுக்கு?" என்று அவர் சொன்னால் அது சரியான பேச்சு, பருவத்தில் கொட்டை வாங்கும் பணத்துக்கு வங்கியின் நடைமுறை மூலதனக் கடனே பொருத்தம். இயந்திரத்துக்கும் சந்தைக்கும் மட்டும் பணம் வேண்டும் என்று கணக்கைத் திருத்திய பிறகு, மாநில அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் நடத்தும் டான்சீட் திட்டத்துக்கும் அதே எக்செல் உதவும். விண்ணப்ப அறிவிப்பு வரும்போது கோப்பின் தேதியையும் கொட்டை விலையையும் மட்டும் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.