துறவுப் பெயருக்குப் பின்னால் இருக்கும் வீட்டுப் பெயர்

கேள்வி: என் தாத்தாவின் அண்ணன் இளம் வயதிலேயே வீட்டை விட்டுப் போய்ச் சந்நியாசம் வாங்கிக்கொண்டார் என்று சொல்வார்கள். பக்கத்து மாவட்டத்தில் ஒரு சமாதி இருக்கிறது. அது அவருடையதுதான் என்கிறார் எங்கள் பெரியப்பா. கல்லில் '...ஆனந்த சரஸ்வதி சுவாமிகள்' என்ற பெயரும், 'விகாரி வருஷம், ஐப்பசி மாதம்' என்பதும், கிழமையும் நட்சத்திரமும் இருக்கின்றன. வீட்டுப் பெயர் இல்லை. இருவரும் ஒருவர்தானா என்று எப்படி உறுதி செய்வது?
— வாசகர், சிவகங்கை

பதில்: கல்லில் உள்ள பெயரை முதலில் ஒதுக்கி வையுங்கள். தேடுகிறவர்கள் பெரும்பாலும் அதைப் பிடித்துக்கொண்டுதான் வழி தவறுகிறார்கள். 'சரஸ்வதி' என்பது கிரி, புரி, பாரதி, தீர்த்தர் என்று வரும் தசநாமிப் பெயர்கள் பத்தில் ஒன்று. எந்தச் சந்நியாச மரபில் வந்தவர் என்பதை மட்டுமே அது காட்டும். அதற்கு முன்னால் வரும் '...ஆனந்த' என்ற பெயரோ, ஒரே காலத்தில் வெவ்வேறு ஊர்களில் பலருக்கு இருந்திருக்கலாம்.

அதோடு, ஒருவருக்கு ஒரே ஒரு துறவுப் பெயர்தான் இருந்தது என்றும் நினைக்க வேண்டாம். குன்றக்குடி அடிகளார் பிறந்தபோது அரங்கநாதன். தருமபுரம் ஆதீனத்தில் துறவு பூண்டு கந்தசாமித் தம்பிரான் ஆனார். குன்றக்குடியில் பட்டத்துக்கு வந்தபோது தெய்வசிகாமணி அருணாசல தேசிக பரமாசாரியர். ஊர் அவரை அழைத்ததோ அடிகளார் என்று. தருமபுரத்தில் போய் 'தெய்வசிகாமணி' என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. கந்தசாமித் தம்பிரான் என்ற நடுப்பெயர் தெரிந்தால்தான் அரங்கநாதனிடம் போய்ச் சேரலாம். ராமகிருஷ்ண மடத்திலும் முதலில் பிரம்மசரிய தீட்சையில் 'சைதன்ய' என்று முடியும் பெயர் வைத்து, சில ஆண்டுகள் கழித்துச் சந்நியாசத்தின்போது 'ஆனந்த' என்று முடியும் பெயர் தருகிறார்கள். உங்கள் சுவாமிகளுக்கும் இப்படி ஒரு நடுப்பெயர் இருந்திருக்கலாம். வீட்டுக்கு வந்த கடைசிக் கடிதத்தில் ஒருவேளை அந்தப் பெயர்தான் இருக்கும்.

இனி கல்லில் உள்ள வருஷத்துக்கு வருவோம். தமிழ் வருஷங்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வருபவை. விகாரி என்பது 1899–1900 ஆகவும் இருக்கலாம், 1959–60 ஆகவும் இருக்கலாம். முதலாவது என்றால் உங்கள் தாத்தாவின் அண்ணன் அப்போது பிறந்தே இருந்தாரா என்று பாருங்கள். பிறக்கவில்லை என்றால் அந்த இடத்திலேயே கணக்கு முடிந்துவிடும். இரண்டுக்குமே வாய்ப்பு இருந்தால், கல்லில் உள்ள கிழமையையும் நட்சத்திரத்தையும் இரண்டு ஆண்டுகளின் ஐப்பசி மாதத்திலும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய பஞ்சாங்கம் கணிக்கத் தெரிந்த ஜோதிடருக்கு இது எளிய வேலை. ஒரு நட்சத்திரம் மாதத்தில் ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை வரும். அது குறிப்பிட்ட கிழமையிலும் விழ வேண்டும் என்பதால், பெரும்பாலும் ஒரு ஆண்டுதான் பொருந்தும்.

கல்லில் உள்ள நட்சத்திரம் சித்தியான நாளினுடையது. குருபூஜையைப் பல இடங்களில் அதை வைத்தும், சில இடங்களில் திதியை வைத்தும் நடத்துவார்கள். உங்களுக்கு வேண்டியது பிறந்த நட்சத்திரம். சமாதியில் ஆண்டுதோறும் ஜயந்தியும் கொண்டாடுகிறார்களா, எந்த மாதம், எந்த நட்சத்திரத்தில் என்று விசாரியுங்கள். காஞ்சிப் பெரியவருக்கு வைகாசி அனுஷத்தில் ஜயந்தி, மார்கழித் தேய்பிறைத் துவாதசியில் ஆராதனை என்று இரண்டும் தனித்தனியாக நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். பூர்வாசிரமப் பெயரைச் சொல்லாத மடம்கூட ஜயந்தி நட்சத்திரத்தை மறைப்பதில்லை. அதை உங்கள் வீட்டில் பழைய ஜாதக நோட்டில் தாத்தாவின் அண்ணனுக்கு எழுதியிருப்பதோடு ஒப்பிடுங்கள். மாதமும் நட்சத்திரமும் சேர்ந்து பொருந்தினால் அது வலுவான சாட்சி. பொருந்தாவிட்டால் பெரியப்பாவின் நினைவை நம்பி மேலே போக வேண்டாம்.

அடுத்தது ஊர். இதற்கு ரமண மகரிஷியின் கதையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அவர் முறைப்படி சந்நியாசம் வாங்கியவர் அல்லர். 1896இல் வீட்டை விட்டு வந்து திருவண்ணாமலையில் மௌனமாக இருந்தவரை ஊரார் 'பிராமண சுவாமி' என்றார்கள். ரமணர் என்ற பெயர் கணபதி முனிவர் 1907இல் வைத்தது. இடையில், தாலுகா அலுவலகத் தலைமைக் கணக்கராக இருந்த வேங்கடராம ஐயர், பெயரும் ஊரும் தெரியாமல் நகரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். கடைசியில் சுவாமி 'வேங்கடராமன், திருச்சுழி' என்று ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினார். வேங்கடராமன் என்று எத்தனையோ பேர் இருந்தார்கள். திருச்சுழி எது என்று ஐயருக்குத் தெரியவில்லை. அங்கிருந்த பெரியபுராணத்தை எடுத்து, அந்த ஊர்ப் பெயர் வரும் இடத்தைச் சுவாமியே சுட்டிக்காட்டினார். பிறகு அண்ணாமலைத் தம்பிரான் என்ற அடியவர் மதுரையில் திருஞானசம்பந்தர் மடத்தில் இவரைப் பற்றிப் பேசியதைத் திருச்சுழிக்காரர் ஒருவர் கேட்டார். செய்தி வீட்டுக்குப் போய், சிற்றப்பா நெல்லையப்ப ஐயர் 1898இல் தேடி வந்தார். அந்தப் பேச்சு காதில் விழுந்தது ஒரு திருச்சுழிக்காரருக்கு என்பதால்தான் தேடல் முடிவுக்கு வந்தது. நீங்களும் சமாதியைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்திடம் 'சுவாமிகளுக்கு என்ன பெயர்' என்று கேட்பதைவிட, 'எந்த ஊர்ப் பக்கத்திலிருந்து வந்தார், பார்க்க யாராவது வந்து போவதுண்டா' என்று கேளுங்கள்.

கடைசியாகப் பத்திரம். பலர் சமாதி நிலத்தின் பத்திரத்தைத் தேடுவார்கள். பாருங்கள், ஆனால் அதில் தகப்பனார் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'இன்னார் சிஷ்யர்' என்று குருவின் பெயர்தான் இருக்கும். உங்கள் வீட்டுப் பாகப்பிரிவினைப் பத்திரம்தான் அதைவிடப் பயன்படும். முறையாகச் சந்நியாசம் வாங்கியவரைச் சொத்து விஷயத்தில் இறந்தவராகவே இந்து சட்டம் கருதியது. ஆகவே உங்கள் தாத்தாவும் சகோதரர்களும் பிரித்துக்கொண்டபோது, மூத்தவருக்கு ஏன் பங்கு இல்லை என்று எழுத வேண்டி வந்திருக்கும். வெறும் காவி போதாது, ஆத்ம சிராத்தமும் விரஜா ஹோமமும் நடந்திருக்க வேண்டும் என்பது நீதிமன்றங்களின் நிலை என்பதால், விவரம் தெரிந்த பத்திர எழுத்தர் எங்கே, யாரிடம் சந்நியாசம் என்பதையும் சேர்த்திருப்பார். அந்தக் குருவின் பெயரும் நிலப் பத்திரத்தில் 'சிஷ்யர்' என்ற சொல்லுக்கு முன் உள்ள பெயரும் ஒன்றாக இருந்தால், சந்தேகத்துக்கு அதிக இடமில்லை. வீட்டில் நகல் இல்லாவிட்டால், சொத்து எந்தப் பதிவு அலுவலக எல்லையில் இருந்ததோ அங்கே கிராமத்தையும் ஏறக்குறைய எந்த ஆண்டு என்பதையும் சொல்லிப் பழைய அட்டவணையில் தேட மனுக் கொடுங்கள்.

கேள்வி: தீட்சை தந்த மடத்தில் நேரே போய்க் கேட்டால் பூர்வாசிரமப் பெயரைச் சொல்வார்களா?

பதில்: சுவாமிகளிடமே கேட்பது மரியாதை ஆகாது, துறந்ததை நினைவுபடுத்துவதாக அதை எடுத்துக்கொள்வார்கள். மடத்துக் காரியஸ்தரிடம் கேளுங்கள். 'இந்தப் பெயர்க்காரர் யார்' என்று கேட்டால் தயங்குவார். 'எங்கள் வீட்டு இன்னார், இந்த ஊர், இந்த நட்சத்திரம், ஏறக்குறைய இந்த ஆண்டில் உங்களிடம் வந்தாரா' என்று நீங்களே முழுவதையும் எழுதிக் கொடுத்தால், ஆம், இல்லை என்று சொல்வதில் அவருக்குச் சங்கடம் இருக்காது. ஜாதக நகலையும் கூடவே வையுங்கள்.