குப்பைமேனி சோப்புக்கு ஒரு நேர்மையான விவரம்: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து மகளிர் குழுக்களில் குப்பைமேனி சோப்பு போடாத குழு இப்போது குறைவு. சோப்பு நன்றாகவே இருக்கிறது. அதன் மேல் ஒட்டுகிற வாசகம்தான் எல்லோரிடமும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறது. பெரும்பாலும் இப்படி:

“குப்பைமேனி மூலிகை சோப்பு. 100% இயற்கை. கெமிக்கல் இல்லாதது. பாரம்பரிய முறையில் தயாரித்தது. மனதை மயக்கும் நறுமணம். அனைத்து சருமப் பிரச்சினைகளுக்கும் தீர்வு. எல்லா வகை சருமத்துக்கும் ஏற்றது. குழந்தைகளும் பயன்படுத்தலாம்.”

எட்டு வாக்கியம் படித்த பிறகும் இது என்ன வாசனை, எதில் செய்தது, யார் தேய்க்கலாம் என்ற மூன்று கேள்விக்கும் பதில் இல்லை. இதையே எடுத்துத் திருத்துவோம்.

1. முதலில் எடை நோட்டைத் திறந்து வையுங்கள். விவரம் எழுதுகிறவர் கற்பனையிலிருந்து எழுதக் கூடாது, நோட்டிலிருந்து எழுத வேண்டும். இந்தப் பக்கத்தில் கிடைக்கிற எண்ணெய்களை வைத்து ஒரு கணக்கு சொல்கிறேன். தேங்காய் எண்ணெய் 400 கிராம், கடலை எண்ணெய் 400, விளக்கெண்ணெய் 100, வேப்பெண்ணெய் 100. ஆக ஒரு கிலோ எண்ணெய். இதை முழுக்க சோப்பாக்க ஏறக்குறைய 154 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். நாம் 145 கிராம்தான் போடுகிறோம். அந்தக் குறைவால் எண்ணெயில் சுமார் 6 சதவீதம் சோப்பாகாமல் கட்டியிலேயே தங்கும். தோல் வறளாமல் இருக்க அது கொஞ்சம் உதவும். தண்ணீர் 300 கிராம், குப்பைமேனி இலைத்தூள் 20 கிராம், எலுமிச்சைப் புல் எண்ணெய் 15 கிராம். ஊற்றிய பிறகு நான்கு முதல் ஆறு வாரம் காற்றோட்டத்தில் காய வைக்கிறோம். எழுதப்போகும் விவரத்துக்கு வேண்டிய சரக்கெல்லாம் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

கடையில் வாங்கிய சோப்பு பேஸை உருக்கித் தூளும் வாசனையும் கலந்து ஊற்றுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் பேஸ் மூட்டையில் அச்சிட்டிருக்கும் பொருள்களை அப்படியே தங்கள் பட்டியலில் எடுத்து எழுத வேண்டும். “எண்ணெயிலிருந்து நாங்களே காய்ச்சியது” என்று போடக் கூடாது.

2. “கெமிக்கல் இல்லாதது” என்பதை அடித்துவிடுங்கள். காஸ்டிக் சோடா இல்லாமல் கட்டி சோப்பு கிடையாது. எண்ணெயோடு சேர்ந்து அது முழுக்கச் செலவாகிவிடும். சரியாக எடை போட்டு, கலந்து, காய வைத்த கட்டியில் காஸ்டிக்காக மிச்சம் இருக்காது. இதை ஒளிப்பதை விட ஒரு வரியில் சொல்லிவிடுவது மேல். “100% இயற்கை”, “பாரம்பரிய முறை” இரண்டும் இதோடு போகட்டும். எந்த முறை என்று சொல்லுங்கள்: அடுப்பில் காய்ச்சாமல், எண்ணெயில் காஸ்டிக் கரைசலைக் கலந்து அச்சில் ஊற்றி, இத்தனை வாரம் காய வைத்தது.

3. பொருள்களை எடை வரிசையில் எழுதுங்கள், பெருமை வரிசையில் எழுதாதீர்கள். 2020-ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளும் அதைத்தான் கேட்கின்றன. சேர்த்தபோது எது அதிக எடையோ அது முதலில் வர வேண்டும். ஒரு சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவை கடைசியில் எந்த வரிசையிலும் வரலாம். நம் நோட்டின்படி தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், தண்ணீர், காஸ்டிக் சோடா, விளக்கெண்ணெய், வேப்பெண்ணெய், குப்பைமேனித் தூள், எலுமிச்சைப் புல் எண்ணெய் என்று வரும். குப்பைமேனி ஏழாவது இடத்தில் நிற்கிறதே என்று மனம் சுருங்கும். காய்ந்த 100 கிராம் கட்டியில் அது ஒன்றரை கிராம் அளவுக்குத்தான் இருக்கிறது; அதுவும் தேய்த்ததும் தண்ணீரோடு போய்விடும். பெயரில் குப்பைமேனி இருக்கட்டும், ஆனால் எவ்வளவு என்பதை வாங்குகிறவர் தெரிந்துகொள்ளட்டும். இன்னொன்று: அந்தத் தூளின் பச்சை நிறம் காரத்திலும் வெளிச்சத்திலும் சில வாரங்களில் காக்கியாக மாறும். விவரத்தில் “பச்சை” என்று போட்டுவிட்டால், நிறம் மாறிய கட்டியைக் கையில் வாங்கியவர் பழைய சரக்கு என்றுதான் நினைப்பார்.

கடலை எண்ணெய் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கிருந்து வந்த நிலக்கடலை ரகங்களுக்கு டி.எம்.வி. என்று ஊர்ப் பெயரையே வைத்திருக்கிறார்கள். இந்த மண்ணில் சோப்புக்குக் கடலை எண்ணெய் போடுவது இயல்பு. அதை மரச்செக்கில் ஆட்டியது என்று கொட்டை எழுத்தில் போடுகிறோம். செக்கில் ஆட்டிச் சுத்திகரிக்காமல் விட்ட எண்ணெயில் கடலையின் புரதம் கொஞ்சம் தங்கியிருக்கும். கடலை ஒவ்வாமை உள்ளவருக்கு ஆபத்து அந்தப் புரதத்தால்தான். ஆலையில் சுத்திகரித்த எண்ணெயில் அது மிகவும் குறைவு. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியத்தில் அழகுசாதனங்களில் சேர்க்கும் கடலை எண்ணெயின் புரதத்துக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். காஸ்டிக் அதையெல்லாம் சிதைத்துவிடும் என்று நம்பி விட்டுவிடக் கூடாது. “மரச்செக்கு” என்று பெருமையாக எழுதுகிற அதே லேபிளில் “வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் தவிர்க்கவும்” என்பதும் வர வேண்டும். நமக்குள் மல்லாட்டை என்போம், மணிலா என்போம். லேபிளில் வேர்க்கடலை என்றே இருக்கட்டும், மதுரைக்காரரும் படிப்பார்.

4. வாசனையைக் காய்ந்த கட்டியிலிருந்து எழுதுங்கள். ஊற்றிய அன்று பட்டறை முழுக்க எலுமிச்சைப் புல் மணக்கும். அந்த மயக்கத்தில்தான் “மனதை மயக்கும் நறுமணம்” பிறக்கிறது. காய்ந்து முடிந்த ஒரு கட்டியை எடுத்து மூன்று முறை முகர்ந்து பாருங்கள்: உலர்ந்தபடி மூக்கருகே, வெந்நீரில் நுரை வரும்போது, துடைத்துக் கால் மணி நேரம் கழித்துக் கையில். நம் கட்டியில் முதலில் எலுமிச்சைத் தோலைக் கிள்ளியது போன்ற மணம் வரும், கூடவே புல்லின் பச்சை வாசம். நுரைக்கும்போது வேப்பெண்ணெயின் கசந்த, பூண்டு சாயலுள்ள வாடை அடியிலிருந்து எழும்பும். பத்து சதவீதம் வேப்பெண்ணெய் போட்டுவிட்டு அதை மறைக்க முடியாது. துடைத்த பிறகு கையில் அநேகமாக எதுவும் நிற்காது. இந்த மூன்றையும் எழுதினால் வேப்பெண்ணெய் வாடை பிடிக்காதவர் வாங்கமாட்டார். வாங்காமல் இருப்பது, வாங்கித் திருப்பி அனுப்புவதை விட நமக்கும் லாபம்.

மணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லுங்கள். எலுமிச்சைப் புல் எண்ணெய் செடியிலிருந்து வடித்தது, அதைத் தைரியமாக எழுதலாம். அதன் மணத்துக்குக் காரணமான சிட்ரால் சிலருக்குத் தோலில் ஒவ்வாமை தரும். எனவே பெயர் கட்டாயம் இருக்க வேண்டும். மல்லிகை சோப்பு போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பூவிலிருந்து எடுத்த மல்லிகைச் சாறு கிலோ லட்சக் கணக்கில் விற்கிறது, அறுபது ரூபாய்க் கட்டியில் அது வராது. “மல்லிகை மணம், செயற்கை வாசனைத் தைலம்” என்று போடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

5. தோலைப் பற்றி எழுதும்போது பேனாவை இறுக்கிப் பிடியுங்கள். “அனைத்து சருமப் பிரச்சினைகளுக்கும் தீர்வு” என்றால் அது மருந்துக்கான வாக்கு. சோப்பு நம் சட்டத்தில் அழகுசாதனம். நோயைக் குணமாக்கும் என்று போட்டால் மருந்துக்குரிய உரிமம் கேட்பார்கள். வெண்படை போன்ற சில நோய்களின் பெயரைச் சொல்லி விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டு மந்திர மருந்துச் சட்டம் தடுக்கிறது. சொறி, படை, எக்ஸிமா, முகப்பரு என்ற சொற்களை வாட்ஸ்அப் செய்தியிலும் போடாதீர்கள்.

பிறகு என்ன எழுதுவது? நோட்டு சொல்வதை எழுதுங்கள். 40 சதவீதம் தேங்காய் எண்ணெய் என்றால் நுரை நிறைய, அழுக்கும் பிசுக்கும் நன்றாகப் போகும். அப்படியானால் எண்ணெய்ப் பிசுக்குள்ள தோலுக்கும் சாதாரணத் தோலுக்கும் இது பொருந்தும். ஏற்கெனவே வறண்ட தோலில், அதுவும் மார்கழிப் பனியில், குளித்ததும் தோல் இழுத்துப் பிடிக்கலாம். அதை அப்படியே எழுதலாம். காரத்தில் செய்த எந்த சோப்பின் பி.எச். அளவும் 9, 10 பக்கம்தான் நிற்கும், தோலின் அளவோ 5 பக்கம். “பி.எச். 5.5” என்று எழுதினால் பொய்யாகிவிடும். குழந்தை வரியையும் எடுத்துவிடுங்கள்: கைக்குழந்தையின் தோலில் வேப்பெண்ணெயும் சிட்ராலும் எப்படி நடக்கும் என்று நாம் சோதித்துப் பார்த்ததில்லை. முதல்முறை வாங்குகிறவருக்கு ஒரு வழி சொல்லுங்கள்: முழங்கையின் உள்பக்கம் நுரையைத் தடவிக் கழுவி, இரண்டு நாள் பார்த்துவிட்டு உடம்புக்குப் போடட்டும்.

6. சட்டம் கேட்கிற வரிகளைச் சுருக்கமாக முடித்துவிடுங்கள். உற்பத்தியாளர் பெயர், முகவரி, உரிம எண், தொகுதி எண், நிகர எடை, தயாரித்த மாதமும் வருடமும், எதுவரை பயன்படுத்தலாம், எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை, புகாருக்குத் தொலைபேசி எண். இவை ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும். தமிழைக் கூடுதலாகச் சேர்க்கத் தடையில்லை. வீட்டில் செய்ததென்று உரிமத்திலிருந்து விலக்கு கிடையாது. முன்பு சட்டத்தின் அழகுசாதன வரையறைக்கு வெளியே சோப்பு இருந்தது. 1982 திருத்தத்தில் அந்த விலக்கு போய்விட்டது.

7. இப்போது திருத்திய விவரம்:

“குப்பைமேனி – வேப்பெண்ணெய் சோப்பு. எலுமிச்சைத் தோல் போன்ற மணம். நுரைக்கும்போது வேப்பெண்ணெயின் லேசான கசப்பு வாடை இருக்கும். குளித்த பிறகு மணம் நிற்காது. மணம் எலுமிச்சைப் புல் எண்ணெயிலிருந்து வருவது, செயற்கை வாசனை சேர்க்கவில்லை. நிறம் காக்கி.

பொருள்கள்: தேங்காய் எண்ணெய், மரச்செக்கு வேர்க்கடலை எண்ணெய், தண்ணீர், காஸ்டிக் சோடா (சோப்பாக மாறும்போது செலவாகிவிடும்), விளக்கெண்ணெய், வேப்பெண்ணெய், குப்பைமேனி இலைத்தூள், எலுமிச்சைப் புல் எண்ணெய் (சிட்ரால் உள்ளது). நான்கு முதல் ஆறு வாரம் காய வைத்தது.

சாதாரண, எண்ணெய்ப் பிசுக்குள்ள தோலுக்கு. வறண்ட தோலில் இறுக்கம் தெரியலாம். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் தவிர்க்கவும். கைக்குழந்தைகளுக்கு வேண்டாம். முதலில் முழங்கை உள்பக்கம் தடவிப் பார்க்கவும். கண்ணில் படாமல் பயன்படுத்தவும்.”

பழையதை விட நீளம்தான். லேபிளில் இடம் போதாவிட்டால் குறைக்க வேண்டியது நிறத்தையும் காய வைத்த வாரத்தையும். கடலை வரியில் கை வைக்காதீர்கள்.

8. எண்ணெய் மாறினால் விவரமும் மாற வேண்டும். கடலை எண்ணெய் விலை ஏறும்போது பாதியைப் பாமாயிலாக மாற்றுவார்கள். காஸ்டிக் கணக்கு மாறும், கட்டி இறுகும், பொருள் வரிசையும் மாறும், பழைய லேபிள்கள் மட்டும் ஆயிரம் அச்சடித்தபடி இருக்கும். எனவே ஒரே தடவையில் நிறைய அச்சடிக்காதீர்கள். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு கட்டியை விற்காமல் தேதி எழுதி அலமாரியில் வைத்திருங்கள். மாதம் ஒருமுறை அதை எடுத்துப் பாருங்கள். மேலே மஞ்சளும் ஆரஞ்சுமாகப் புள்ளி விழுந்து பழைய எண்ணெய்ச் சிக்கு வாடை வந்தால் எண்ணெய் கெட்டுவிட்டது. கடலை எண்ணெய் அதிகமுள்ள கட்டியில் இது சீக்கிரம் வரலாம். எலுமிச்சை மணம் இறங்கி வேப்பெண்ணெய் முன்னால் வந்திருந்தால் வாசனை வரியைத் திருத்துங்கள். புள்ளி எத்தனையாவது மாதத்தில் விழுந்ததோ, அடுத்த தொகுதிக்கு “எதுவரை பயன்படுத்தலாம்” என்ற தேதியை அதற்கு இரண்டு மாதம் முன்னால் போடுங்கள்.